நம்பர் பிளேட்டை மங்கலாக்கினால் போதுமா?

*பழைய காரை விற்பதற்காக வீட்டு வாசலில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன். கதவு எண்ணும் நம்பர் பிளேட்டும் தெரியாமல் இருக்க போனிலேயே கட்டம் கட்டமாக மங்கலாக்கிவிட்டேன். "லேசாக மங்கலாக்கியதைத் திரும்பப் படித்துவிடலாம்" என்கிறார் நண்பர். உண்மையா? அப்படியானால் எப்படித்தான் மறைப்பது?*

உங்கள் நண்பர் சொல்வது சரி. படத்தை மங்கலாக்கினால் எண் அழிவதில்லை, அதன் விவரம் குறைகிறது, அவ்வளவுதான். எண் என்பது மிகக் குறைந்த விவரத்திலிருந்தே அடையாளம் காணக்கூடிய பொருள். பாதுகாப்பான வழி, அந்த இடத்தை ஒரே நிறத்தால் முழுமையாக மூடி, புதிய கோப்பாகச் சேமித்து, அதை மட்டும் பகிர்வது. அதைவிட நல்ல வழி, படம் எடுக்கும் முன்பே பிளேட்டின் மேல் ஓர் அட்டையை வைத்துவிடுவது. கட்டங்களுக்குள் எண் எப்படி ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் இந்த இரண்டும் ஏன் என்பது விளங்கிவிடும்.

கட்டம் கட்டமாக்கும் கருவி செய்வது ஒரு சின்னக் கணக்கு. படத்தை 8-க்கு 8, 16-க்கு 16 பிக்சல் என்று சம சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள பிக்சல்களின் நிறத்தைச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியைச் சதுரம் முழுக்கப் பூசிவிடுகிறது. இதில் தற்செயலாக நடப்பது எதுவும் இல்லை. ஒரே படத்தை ஒரே அளவில் எத்தனை முறை கட்டமாக்கினாலும் ஒரே விடைதான் வரும். ஓட்டை இருப்பது இங்கேதான். மறைத்ததைப் படிக்க நினைப்பவர் கட்டங்களைப் பின்னோக்கிப் பிரித்து எண்ணாக மாற்ற வேண்டியதில்லை. இருக்கக்கூடிய எண்களை ஒவ்வொன்றாக எழுதி, அவற்றையும் அதே போலக் கட்டமாக்கி, உங்கள் படத்தோடு எது ஒத்துப்போகிறது என்று பார்த்தால் போதும்.

இதைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். 4 பத்தி, 6 வரிசை கொண்ட சிறு கட்டத்தாளில் 3, 5, 6, 8, 9 ஆகிய இலக்கங்களை வரைந்துகொள்ளுங்கள். மேலும் கீழும் முழுக்கோடு, நடுவில் மூன்றாம் வரிசையில் ஒரு கோடு, பக்கங்களில் தேவைப்படும் இடத்தில் கோடு. 3-க்கு மட்டும் நடுக்கோடு இடது ஓரத்தைத் தொடாமல் மூன்று புள்ளி. இப்போது இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை கறுப்புப் புள்ளி என்று எண்ணினால், மேலிருந்து கீழாக இப்படி வரும்:

```
3 :  2 3 | 1 3 | 2 3
5 :  3 2 | 2 3 | 2 3
6 :  3 2 | 3 3 | 3 3
8 :  3 3 | 3 3 | 3 3
9 :  3 3 | 2 3 | 2 3
```

கண்ணுக்கு இவை எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறச் சதுரங்கள். எண்களாக வைத்துப் பார்த்தால் ஐந்தும் ஐந்து விதம். குழப்பத்துக்கே இடமில்லை.

"சரி, கட்டத்தை இன்னும் பெரிதாக்குகிறேன்" என்று தோன்றும். அதே தாளில் ஒரு இலக்கம் முழுவதையும் ஒரே சதுரமாக்குங்கள். 24 புள்ளிகளில் 8-க்கு 18 கறுப்பு, 6-க்கு 17, 9-க்கு 16, 5-க்கு 15, 3-க்கு 14. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் வைத்தால், சராசரி வெளிச்சம் முறையே 64, 74, 85, 96, 106 என்று வருகிறது. ஒவ்வொன்றுக்கும் இடையே பத்துப் பதினோரு படி வித்தியாசம். கண் இதைப் பிரித்தறியாது. கணினிக்கு அது பெரிய இடைவெளி. வடிவமே போன பிறகும், எவ்வளவு மை பூசியிருந்தது என்ற ஒரே தகவல் எந்த இலக்கம் என்று சொல்லிவிடுகிறது.

நிஜப் படத்தில் இவ்வளவு சுத்தமாக வராது. நிழல் விழும், பிளேட் சாய்ந்திருக்கும், கேமராவின் இரைச்சல் சேரும், ஒரு சதுரத்தில் பாதி 6-ம் பாதி 8-ம் கலந்திருக்கும். ஆனாலும் நம் ஊர் நம்பர் பிளேட், படிக்க நினைப்பவருக்கு எவ்வளவு உதவுகிறது என்று பாருங்கள். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் காருக்கு 500-க்கு 120 மில்லிமீட்டர். எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். எழுத்துரு எல்லா வண்டிக்கும் ஒன்று. 2019 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வண்டிகளுக்கு இது கட்டாயம் என்பதால், சில வருடப் பழைய கார் என்றால் அதில் என்ன வடிவ எழுத்து இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

உங்கள் படத்தில் பிளேட் 250 பிக்சல் அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக்காக நேர் எதிரே நின்று எடுக்கும் படத்தில் இது சாதாரண அளவுதான். அப்படியானால் ஒரு பிக்சலுக்கு 2 மில்லிமீட்டர். எழுத்து சுமார் 32 பிக்சல் உயரம், கோடு 5 பிக்சல் தடிமன். லேசாக, 8 பிக்சல் கட்டமாக மறைத்திருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அதில் ஒரு எழுத்து நான்கு சதுரம் உயரமும் இரண்டு மூன்று சதுரம் அகலமுமாக விழும். அதாவது ஒவ்வொரு எழுத்தைப் பற்றியும் எட்டுக்குக் குறையாத வெளிச்ச எண்களை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். மேலே தாளில் ஆறு சதுரமே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

அடுத்தது, பலரும் யோசிக்காத ஒன்று. படத்தின் பின்னணியைப் பார்த்தாலே வண்டி தமிழ்நாட்டில் இருப்பது தெரியும். விளம்பரத்தில் ஊர்ப்பெயரும் போட்டிருப்பீர்கள். அப்படியென்றால் பிளேட்டின் முதல் இரண்டு எழுத்து அநேகமாக TN. விடை தெரிந்த அந்த இரண்டு எழுத்துகளை வைத்து மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம். அவற்றை எந்த இடத்தில், எந்த அளவில், எவ்வளவு வெளிச்சத்தில் எழுதினால் உங்கள் படத்தின் முதல் சில சதுரங்கள் அப்படியே வருகின்றன என்று பொருத்திவிட்டால், சாய்வு, நிழல், அளவு மூன்றும் கைக்கு வந்துவிடும். மீதி எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே போகலாம். கடைசி நான்கு இலக்கத்துக்கு மொத்தம் 10,000 வாய்ப்பு என்று தோன்றினாலும், ஒவ்வொரு இடமாகப் போகும்போது ஒரு தடவைக்குப் பத்து வாய்ப்புதான். பக்கத்து எழுத்தோடு கலந்த சதுரத்துக்காக இரண்டிரண்டாகச் சோதித்தாலும் நூறுதான். கட்டத்தின் கோடுகள் படத்திலேயே வெளிப்படையாகத் தெரிவதால், கட்டம் எங்கே தொடங்குகிறது என்று தேடும் வேலைகூட இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கட்டமாக்கியும் மங்கலாக்கியும் மறைத்த ஆவண எழுத்துகளைப் புள்ளியியல் முறையால் படித்துக் காட்டினார்கள். 2022-ல் பிஷப் ஃபாக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டான் பெட்ரோ, நான் மேலே சொன்ன எழுத்துக்கு எழுத்து ஊகிக்கும் முறையிலேயே இயங்கும் 'அன்ரிடாக்டர்' கருவியை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். அவை அச்செழுத்துக்காகச் செய்தவை. சாலையோரப் படத்தில் சாய்வும் நிழலும் சேர்வதால் வேலை கூடும். ஆனால் வழி மாறுவதில்லை.

பிளர் என்று வரும் மென்மையான மங்கல் இதைவிடப் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சராசரிதான். சதுரத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு பிக்சலும் தன்னைச் சுற்றியுள்ளவற்றின் எடையிட்ட சராசரியாக மாறுகிறது. உண்மையில் ஒரு விதத்தில் இது கட்டத்தைவிட மோசம். 8 பிக்சல் கட்டத்தில் 64 பிக்சலுக்கு ஒரே ஒரு எண்தான் மிஞ்சும். பிளரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி எண் மிஞ்சுகிறது. கோட்டின் தடிமன் 5 பிக்சல் இருக்கும்போது 3 பிக்சல் ஆரத்தில் மங்கலாக்கினால், கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலே எண் தெரியும். ஆரத்தைக் கூட்டினால் கண்ணுக்கு மறையும். ஊகித்து ஒப்பிடும் முறைக்கு அப்போதும் மறையாது.

சுழற்றி மறைப்பது இன்னும் பலவீனமானது. பிக்சல்களை அழிக்காமல் இடம் மட்டும் மாற்றுவதால் எதிர்த்திசையில் சுழற்றினால் பெரும்பாலும் திரும்பிவிடும். சிறார்மீதான குற்றம் ஒன்றில், இணையத்தில் சுழலாக மறைக்கப்பட்டிருந்த குற்றவாளியின் முகத்தை ஜெர்மன் காவல்துறையினர் அப்படித்தான் நேராக்கினார்கள். 2007-ல் இன்டர்போல் அதை வெளியிட்டபின் அவர் பிடிபட்டார்.

வாட்ஸ்அப்பில் போனால் படத்தின் தரம் குறையும், அதனால் எப்படியும் எதுவும் தெரியாது என்ற நம்பிக்கையும் தவறு. ஜேபெக் சுருக்கம் முதலில் தூக்கி எறிவது நுணுக்கமான ஓரங்களையும் மெல்லிய கோடுகளையும். ஒரு பகுதியின் சராசரி வெளிச்சத்தை அது கவனமாகக் காப்பாற்றும். கட்டமாக்கிய படத்தில் எண் ஒளிந்திருப்பது சரியாக அந்தச் சராசரியில்தான். ஆகவே சுருக்கத்தால் நல்ல படம் கெடுமே தவிர, கட்டத்துக்குள் இருக்கும் எண் பெரிதாகக் கெடாது.

ஒரே பிளேட்டை நான்கு கோணத்தில் எடுத்து நான்கையும் கட்டமாக்கிப் போடும்போது நிலைமை மோசமாகிறது. ஒவ்வொரு படத்திலும் கட்டத்தின் கோடு எழுத்தின் வேறு வேறு இடத்தில் வெட்டும். ஒன்றில் கலந்துபோன தகவல் இன்னொன்றில் பிரிந்து நிற்கும். வீடியோவில் இது உச்சம். கட்டம் ஒரே இடத்தில் நிற்க, வண்டி நகர்ந்தால், ஒவ்வொரு பிரேமும் எண்ணின் புது மாதிரி ஒன்றைத் தருகிறது. 2025-ல் ஜெஃப் கீர்லிங் என்ற அமெரிக்க யூடியூபர், தன் வீடியோவில் கட்டமாக்கி மறைத்த பகுதியைப் படித்துச் சொல்பவருக்குச் சிறு பரிசு என்று அறிவித்தார். மறைத்த சாளரம் திரையில் நகர்ந்துகொண்டிருந்ததே போதுமானதாக இருந்தது. ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அதைப் படித்துக் காட்டிவிட்டார்கள்.

இனி செய்ய வேண்டியது.

கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது என்றால், படத்தையே மறுபடி எடுங்கள். பிளேட்டை முழுக்க மூடும் அளவுக்கு ஓர் அட்டையையோ வெள்ளைத் தாளையோ காகித டேப்பால் ஒட்டுங்கள். முன்னும் பின்னும் இரண்டிலும். தாள் மெல்லியதாக இருந்தால் வெயிலில் எழுத்து ஊடுருவித் தெரியும், புடைப்பெழுத்தின் மேடும் தாளில் தெரியும். அதனால் அட்டைதான் நல்லது. காரைச் சற்று நகர்த்தி, கதவு எண் இல்லாத வெறும் மதில் பக்கம் நிறுத்துங்கள். கேமராவுக்கே எண் தெரியவில்லை என்றால், பிறகு எந்தக் கருவியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சாலைக்கு எடுக்கும் முன் அட்டையை மறக்காமல் எடுத்துவிடுங்கள். ஓடும் வண்டியில் எண்ணை மறைப்பது குற்றம்.

இந்த இடத்தில் வண்டியின் முன்கண்ணாடியையும் பாருங்கள். உயர் பாதுகாப்பு பிளேட்டோடு சேர்த்து, காரின் முன்கண்ணாடிக்கு உட்புறம் இடது மேல் மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்கள். பெட்ரோல், சிஎன்ஜி வண்டிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அதிலும் பதிவெண் இருக்கிறது. பிளேட்டை மறைத்த பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கிட்டத்தில் எடுத்த படத்தில் இது அழகாகப் படிக்க முடிகிற அளவில் வரும். பாஸ்டேக்கின் எண்ணும் பட்டைக் குறியீடும் அதே கண்ணாடியில்தான்.

மறுபடி எடுக்க வழியில்லை, இருக்கும் படத்தைத்தான் போட வேண்டும் என்றால், மூடும் நிறம் ஒன்றே ஒன்றாக, நூறு சதவீதம் ஒளிபுகாததாக இருக்க வேண்டும். சதுரத்தைப் பிளேட்டின் ஓரத்தைவிட எல்லாப் பக்கமும் பத்துப் பதினைந்து பிக்சல் பெரிதாகப் போடுங்கள். எழுத்தை மட்டும் ஒட்டி மூடினால், எத்தனை எழுத்து, அவை எவ்வளவு அகலம் என்ற தகவல் மிஞ்சும். 1 ஒல்லியான இலக்கம் என்பதால் இது சும்மா விடக்கூடிய விஷயம் அல்ல.

போனில் செய்யும்போது நடக்கும் முக்கியமான தவறு, பேனாவைத் தேர்ந்தெடுக்காமல் ஹைலைட்டர் மாதிரியான மார்க்கரைத் தேர்ந்தெடுப்பது. கறுப்பு மார்க்கரால் நாலு தடவை தேய்த்தால் திரையில் முழுக் கறுப்பாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பும் பாதி ஒளிபுகும். அடியில் வெள்ளை இருந்த இடம் 16 என்றும் கறுப்பு இருந்த இடம் 0 என்றும் மிச்சம் வைக்கும். படத்தின் வெளிச்சத்தையும் நிழல் பகுதியையும் முழுக்க ஏற்றினால் எண் மேலெழுந்து வந்துவிடும். மூடிய பிறகு நீங்களே அப்படி ஏற்றிப் பாருங்கள். கறுப்புக்குள் ஏதாவது வடிவம் தெரிந்தால் மூடல் சரியில்லை. இந்தத் தொல்லையைத் தவிர்க்க, மார்க்கரைவிட வடிவக் கருவியில் வரும் நிரப்பிய செவ்வகம் நல்லது என்பேன், அதில் தேய்ப்பு என்ற பிரச்சினையே இல்லை.

கணினியில் இமேஜ்மேஜிக் என்ற படத்திருத்தக் கருவி இருந்தால் ஒரே வரியில் முடியும்:

```
magick car.jpg -auto-orient -fill "#777777" -draw "rectangle 610,1170 890,1260" -strip out.jpg
```

நான்கு எண்களும் மூட வேண்டிய இடத்தின் இடது மேல் மூலை, வலது கீழ் மூலை ஆகியவற்றின் பிக்சல் அளவுகள். எந்தப் படம் பார்க்கும் செயலியிலும் அந்த மூலைகளில் சுட்டியை வைத்து அவற்றை எடுக்கலாம். `-auto-orient` முதலில் வர வேண்டும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த பல படங்களில், திருப்பிக் காட்டு என்ற குறிப்பு மட்டும் கோப்பில் இருக்கும், பிக்சல்கள் திரும்பியிருக்காது. அதை விட்டால் செவ்வகம் வேறு இடத்தில் போய் விழும். `-strip` படத்தோடு ஒட்டியிருக்கும் இடக்குறிப்பு, சிறுபடம் போன்றவற்றை நீக்குகிறது.

ஜிம்ப் என்ற படத்திருத்தச் செயலியில் செய்தால், தேர்ந்தெடுத்த செவ்வகத்தை நிறத்தால் நிரப்புங்கள். Delete அழுத்தி வெட்டி எடுக்காதீர்கள். ஒளிபுகும் தன்மையுள்ள படத்தில் அழித்த இடம் வெறுமையாகத் தெரியும், ஆனால் பழைய நிறம் அடியில் அப்படியே இருக்கலாம். பிஎன்ஜி ஏற்றுமதிப் பெட்டியில் "Save color values from transparent pixels" என்ற தேர்வு போட்டிருந்தால், அழித்ததாக நினைத்த எண்ணும் கோப்போடு போகும்.

மொட்டையான சாம்பல் செவ்வகம் படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று தோன்றினால், அதற்கும் நல்ல வழி இருக்கிறது. முதலில் மூடுங்கள். மூடிய செவ்வகத்தின் மேல் XX 00 XX 0000 என்று பொய்யான எழுத்துகளை எழுதுங்கள். அதன் பிறகு அந்த இடத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கட்டமாக்குங்கள், மங்கலாக்குங்கள். பார்ப்பவருக்கு வழக்கமான மங்கல் பிளேட்டாகவே தெரியும். யாராவது உட்கார்ந்து மீட்டாலும் கிடைப்பது அந்தப் பொய் எழுத்துதான். வாயில் வந்த எண்ணைப் போட வேண்டாம், அது வேறொருவரின் வண்டி எண்ணாக இருக்கலாம்.

மறைத்தது சரியாக இருந்தும் கோப்பு காட்டிக்கொடுக்கும் இடங்கள் உண்டு. ஐபோன், கூகுள் போட்டோஸ் இரண்டுமே மூலப் படத்தை வைத்துக்கொண்டு திருத்தத்தை அதன் மேல் ஓர் அடுக்காகக் காட்டுபவை. ஏர்டிராப்பில் "All Photos Data" தேர்வை இட்டு அனுப்பினால் மூலப் படமும் திருத்த வரலாறும் சேர்ந்தே போகும். அசையும் படமாக எடுத்திருந்தால் அதோடு ஒட்டிய சிறு வீடியோவில் பிளேட் மூடப்படாமல் இருக்கலாம். கேமராக்கள் கோப்புக்குள் வைக்கும் சிறுபடத்தைச் சில செயலிகள் திருத்தத்துக்குப் பிறகும் புதுப்பிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த ஒட்டுத் தகவல்கள் நீங்கிவிடும், "Document" என்று அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

2023-ல் தெரியவந்த ஒரு குறை இதற்கெல்லாம் சிகரம். கூகுளின் பிக்சல் போன்களில் இருந்த மார்க்கப் கருவி, வெட்டிச் சுருக்கிய ஸ்கிரீன்ஷாட்டைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியது, ஆனால் பழைய கோப்பின் வாலை வெட்டவில்லை. புதிய படம் சிறியது என்பதால், வெட்டி எறிந்ததாக நினைத்த பகுதியின் தரவு கோப்பின் பின்பாதியில் தங்கிவிட்டது. சைமன் ஏரன்ஸ், டேவிட் புக்கனன் இருவரும் அதிலிருந்து மூலப் படத்தின் பகுதிகளை மீட்டுக் காட்டினார்கள். விண்டோஸின் ஸ்னிப்பிங் கருவியிலும் அதே வகைக் குறை இருந்தது. இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன. அதற்கு முன்பு பகிர்ந்த கோப்புகள் அப்படியேதான் இருக்கின்றன.

இவ்வளவையும் ஒரே அடியில் தாண்ட எளிய வழி, மூடி முடித்த படத்தைத் திரையில் முழுதாகத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை அனுப்புவது. திரையில் தெரிந்தது மட்டுமே புதிய கோப்பில் இருக்கும். படத்தின் அளவு குறையும், கார் விற்பனைக்கு அது போதும். கோப்பில் ஒட்டியிருக்கும் தகவல்களைக் காட்டும் எக்ஸிஃப்டூல் கருவியால் கணினியில் சரிபார்க்க விரும்பினால்:

```
exiftool -a -G1 out.jpg
```

வரும் பட்டியலில் Thumbnail Image, Preview Image, GPS Position, Motion Photo என்ற வரிகள் இருக்கக் கூடாது.

கதவு எண்ணின் கணக்கு வேறு. அங்கே எழுத்துரு என்ன என்று தெரியாது, டைல்ஸில் பொறித்ததோ பெயின்ட்டில் எழுதியதோ எதுவாகவும் இருக்கலாம். ஆனால் வாய்ப்புகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒரு தெருவில் நூறு வீடு இருந்தால் நூறே விடை. சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் இருப்பதால் ஓர் எண் சந்தேகமாக வந்தாலும் மற்றது உறுதிசெய்துவிடும். எண்ணை முழுதாக மூடிய பிறகும் வீட்டின் முகப்பு மிஞ்சுகிறது. கூகுளின் தெருக்காட்சி 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட 10 நகரங்களோடு இந்தியாவுக்கு மீண்டும் வந்தது. கேட்டின் வடிவம், மாடிக் கைப்பிடி, எதிர்வீட்டுப் பெயர்ப்பலகை ஆகியவற்றை அதில் ஒப்பிட்டுத் தெருவைக் கண்டுபிடிப்பது, கட்டங்களிலிருந்து எண்ணை மீட்பதைவிட எளிது. பின்னணியில் மாநகராட்சியின் தெருப் பெயர்ப்பலகையோ, சுவரில் எழுதிய மின் இணைப்பு எண்ணோ விழுந்திருந்தால் தேட வேண்டிய வேலையே இல்லை. அதனால்தான் காரை வெறும் மதில் பக்கம் நகர்த்தச் சொன்னேன். வீட்டு முகப்பு தெரியும் படத்தில் கதவு எண்ணை மட்டும் மூடுவது பெரிய பயன் தராது.

சாலையில் எல்லோரும் பார்க்கும் எண்ணை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சாலையில் பார்ப்பவருக்கு எண் மட்டும்தான் தெரியும். உங்கள் விளம்பரத்தில் எண், வீடு, தொலைபேசி, விற்கும் எண்ணம் நான்கும் ஒரே இடத்தில் சேர்கின்றன. எண் கிடைத்தால் எம்பரிவாகன் செயலியில் பதிவு நாள், எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், காப்பீடு எதுவரை என்பதெல்லாம் வரும். அதை வைத்து உங்களிடம் பேச்சுக் கொடுப்பவர் நம்பத் தகுந்தவராகத் தெரிவார். அதே படத்தையும் எண்ணையும் எடுத்து வேறு யாராவது போலி விளம்பரம் போட்டு முன்பணம் வாங்கவும் முடியும். வாங்க நினைப்பவருக்கு எண் அவசியம்தான், நிலுவை அபராதமும் கடனும் இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் வருடம், மாடல், எந்த ஊர்ப் பதிவு என்று எழுதுங்கள். தொலைபேசியில் பேசி, நேரில் வருவதாகச் சொல்பவருக்கு எண்ணைக் கொடுங்கள்.

நீங்கள் கட்டமாக்கிய படம் ஏற்கெனவே இணையத்தில் ஏறிவிட்டது என்றால், முதலில் அதை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கட்டங்களின் கூர்மையான ஓரம்தான் கண்ணைக் குழப்புகிறது, சுருக்கினால் அந்தக் குழப்பம் போய் எண் தானாகத் தெரிவதுண்டு. தெரியவில்லை என்பதால் பாதுகாப்பு என்று ஆகாது, தெரிந்தால் உடனே நீக்க வேண்டும் என்பதற்கு மட்டுமே இது சோதனை. எப்படியிருந்தாலும் அந்தப் பதிவை முழுதாக நீக்கிவிட்டு, மூடிய படத்தோடு புதிதாகப் போடுங்கள். பழைய பதிவிலேயே படத்தை மட்டும் மாற்றினால் சில தளங்களில் பழைய படத்தின் நேரடி முகவரி வேலை செய்துகொண்டே இருக்கும். நீக்குவதற்கு முன் அந்தப் படத்தின் முகவரியை நகலெடுத்து வைத்து, மறுநாள் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில் அதைத் திறந்து பாருங்கள். இன்னும் படம் வந்தால் தளத்தின் உதவிப் பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுத்து நீக்கக் கேளுங்கள். புதிய பதிவில் போடும் எல்லாப் படங்களிலும் பிளேட் முழுதாக மூடப்பட்டிருக்க வேண்டும். ஒன்று மூடி, இன்னொன்று கட்டமாக இருந்தால், மூடியது வீண்.